பயண பில் ஏன் வெட்டுப்பட்டது? மெடிக்கல் ரெப்புக்கு, அறிகுறி வாரியாக

மாதச் செலவு அறிக்கையில் நீங்கள் போட்டது ஒரு தொகை, வங்கியில் வந்து விழுந்தது வேறு தொகை. உடனே உங்கள் மேலாளரான ஏ.எஸ்.எம்.முக்கு போன். அவர் "அக்கவுண்ட்ஸைக் கேளுப்பா" என்பார். அக்கவுண்ட்ஸில் "பாலிசியைப் பாருங்க சார்" என்பார்கள். பாலிசி ஆங்கிலத்தில் பல பக்கம், அதில் நீங்கள் தேடுவது மட்டும் கண்ணில் படாது. நான் அந்த அக்கவுண்ட்ஸ் மேஜையில் உட்கார்ந்து மருந்து கம்பெனி ரெப்புகளின் செலவு அறிக்கைகளைச் சரிபார்ப்பவன். பில் வெட்டுப்படும் காரணங்கள் வெளியிலிருந்து பார்க்கையில் நூறு மாதிரி தெரியும். உள்ளே இருப்பவை சிலதான்.

எதைப் பார்ப்பதற்கு முன்னும் ஒன்று. எங்கள் மேஜையில் உங்கள் செலவு அறிக்கை தனியாக வராது. பக்கத்தில் இன்னும் இரண்டு இருக்கும். ஒன்று, நீங்கள் தினமும் போடும் டி.சி.ஆர்., அதாவது அன்று எந்த ஊரில் எந்த டாக்டரைப் பார்த்தீர்கள் என்ற ரிப்போர்ட். இன்னொன்று எஸ்.எஃப்.சி. என்ற ஸ்டாண்டர்ட் ஃபேர் சார்ட். உங்கள் தலைமையிடமான எச்.க்யூ. ஊரிலிருந்து ஒவ்வொரு ஊரும் எத்தனை கிலோமீட்டர், அது அன்றே திரும்பும் எக்ஸ் ஸ்டேஷனா, இரவு தங்கும் அவுட்ஸ்டேஷனா என்று முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வைத்த பட்டியல் அது. மூன்றும் ஒத்துப்போனால் பில்லில் சின்னக் குறை இருந்தாலும் யாரும் கிளற மாட்டார்கள். மூன்றில் ஒன்று முரண்பட்டால், எவ்வளவு அழகான பில் இருந்தாலும் கேள்வி வரும்.

கீழே ஒரே ஒரு டூரை வைத்துக்கொண்டு போவோம். எச்.க்யூ. மதுரை. திங்கள் காலை பைக்கில் விருதுநகர் வழியாக சிவகாசி, அங்கே லாட்ஜில் தங்கல். செவ்வாய் ஸ்ரீவில்லிபுத்தூர், பிறகு ராஜபாளையம், இரவு அங்கே சித்தப்பா வீட்டில். புதன் காலை ராஜபாளையத்தில் இரண்டு டாக்டர்களைப் பார்த்துவிட்டு மாலைக்குள் மதுரை. நம் கணக்குக்கு டி.ஏ. என்ற தினப்படி எச்.க்யூ.வில் 250 ரூபாய், எக்ஸ் ஸ்டேஷன் 350, அவுட்ஸ்டேஷன் 600, பைக்குக்கு கிலோமீட்டருக்கு 4 ரூபாய், லாட்ஜ் உச்சவரம்பு ஓர் இரவுக்கு 1,500 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கம்பெனியில் எண்கள் வேறாக இருக்கும். கணக்கு போடும் விதம் பெரும்பாலும் இதுதான்.

இந்த ரெப் கேட்டது: டி.ஏ. மூன்று நாளுக்கு 1,800, பைக் 238 கிலோமீட்டருக்கு 952, லாட்ஜ் 1,470. மொத்தம் 4,222. முதல் சுற்றில் வந்தது 2,080.

அறிகுறி: டி.ஏ. குறைந்திருக்கிறது

1,800 கேட்டதற்கு 1,300 கிடைத்திருக்கிறது. 500 எங்கே போனது?

டி.ஏ. என்பது சாப்பாடு, டீ, ஊருக்குள் ஆட்டோ போன்ற அன்றாடச் செலவுக்கான மொத்தத் தொகை. பில் கேட்க மாட்டார்கள். பில் கேட்காத காரணத்தாலேயே அந்த நாள் எந்த வகையில் விழுகிறது என்பதில் கறாராக இருப்பார்கள். மூன்று வகை. எச்.க்யூ.வுக்குள்ளேயே வேலை என்றால் எச்.க்யூ. டி.ஏ. வெளியூர் போய் அன்றே வீடு திரும்பினால் எக்ஸ் ஸ்டேஷன். வெளியூரில் இரவு தங்கினால்தான் அவுட்ஸ்டேஷன். தூரம் இங்கே பேசாது, இரவுதான் பேசும். நூறு கிலோமீட்டர் போய்விட்டு ராத்திரி பதினொரு மணிக்கு வீடு வந்து சேர்ந்தாலும் அது எக்ஸ் ஸ்டேஷன்தான். அநியாயமாகத் தோன்றலாம், எனக்கும் சில நாள் அப்படித்தான் தோன்றும். ஆனால் கூடுதல் 250 ரூபாய் இரவுச் சாப்பாட்டுக்கும் மறுநாள் காலை டிபனுக்கும் என்பதுதான் அந்த விகிதத்தின் கணக்கு.

இதை வைத்து நம் டூரைப் பாருங்கள். திங்கள் சிவகாசியில் தங்கியாயிற்று, 600 சரி. புதன் வேலை ராஜபாளையத்தில் நடந்தாலும் இரவு மதுரை வீட்டில். ஆகவே 350. டூரின் கடைசி நாளை அவுட்ஸ்டேஷனாகப் போடுவது புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் செய்வது, அந்த 250 திரும்பி வராது. சில கம்பெனிகளில் கடைசி நாளுக்கும் முழு டி.ஏ. உண்டு. பாலிசியில் ஊர் திரும்பும் நாள் என்று தனியாக ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இல்லை.

செவ்வாய்க்கிழமைதான் சண்டைக்குரியது. இரவு ராஜபாளையத்தில் தங்கியது உண்மை. ஆனால் சித்தப்பா வீடு, லாட்ஜ் பில் கிடையாது. பில் இல்லாததால் மேஜையில் இருந்தவர் அதை எக்ஸ் ஸ்டேஷன் ஆக்கி 350 போட்டுவிட்டார். இது மீட்கக்கூடிய வெட்டு. தங்கியதற்கு லாட்ஜ் பில் மட்டும்தான் சான்று என்றில்லை. புதன் காலை ஒன்பது மணிக்கு ராஜபாளையத்தில் முதல் டாக்டர் சந்திப்பை, அதாவது முதல் காலைப் போட்டிருந்தால், அந்த டி.சி.ஆர். பதிவிலேயே நேரமும் இடமும் இருக்கும். செவ்வாய் மாலை கடைசி கால் ராஜபாளையம், புதன் காலை முதல் கால் ராஜபாளையம் என்றால் நடுவில் மதுரை போய் வந்ததாக யாரும் வாதாட மாட்டார்கள். பதிலில் ஒரே வரி போதும்: "செவ்வாய் இரவு உறவினர் வீட்டில் தங்கல், புதன் டி.சி.ஆர். முதல் கால் பார்க்கவும்." 250 திரும்ப வரும். அதோடு பல பாலிசிகளில் சொந்த ஏற்பாட்டில் தங்கினால் பில் இல்லாமல் ஒரு சிறு தொகை உண்டு. நம் கணக்கில் 300 என்று வைப்போம். இந்த ரெப் அதைக் கேட்கவே இல்லை. கேட்காததை நாங்களாகப் போட்டுத் தருவதில்லை.

டி.சி.ஆரை இரவு வீட்டுக்கு வந்து மொத்தமாகப் போடும் பழக்கம் இருந்தால் இந்தச் சான்று கையில் இருக்காது. எல்லா காலும் இரவு பத்தரை மணிக்கு மதுரையிலிருந்து பதிவானதாகக் காட்டும். அப்புறம் நான் என்ன செய்ய?

அறிகுறி: கிலோமீட்டரைக் குறைத்துவிட்டார்கள்

பைக் மீட்டர் 238 காட்டுகிறது. கொடுத்தது 195-க்கு, 780 ரூபாய்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. நாங்கள் மீட்டரைப் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான். எஸ்.எஃப்.சி.யில் மதுரை–விருதுநகர் 50, விருதுநகர்–சிவகாசி 28, சிவகாசி–ஸ்ரீவில்லிபுத்தூர் 20, அங்கிருந்து ராஜபாளையம் 12, ராஜபாளையம்–மதுரை 85 என்று இருக்கிறது. கூட்டினால் 195. மீதி 43 கிலோமீட்டர் சிவகாசிக்குள்ளும் ராஜபாளையத்துக்குள்ளும் ஒரு கிளினிக்கிலிருந்து இன்னொரு கிளினிக்குக்கும், நடுவில் ஸ்டாக்கிஸ்ட் கடைக்கும் ஓடியது. ஊருக்குள் ஓடுவது டி.ஏ.வில் அடக்கம் என்பதுதான் பெரும்பாலான பாலிசி. ஆகவே 172 ரூபாய் போனது போனதுதான்.

மீட்டர் படம் எடுத்து அனுப்பி வாதாடுவதில் பயனில்லை. எஸ்.எஃப்.சி.யிலேயே தூரம் தப்பாக இருக்கிறது என்றால் அதைத் திருத்தச் சொல்லிக் கேட்பதுதான் வழி. பைபாஸ் வந்து பாதை மாறியிருக்கும், பழைய ரெப் குத்துமதிப்பாகப் போட்டிருப்பார், அல்லது புதிதாகச் சேர்த்த ஊர் பட்டியலிலேயே இருக்காது. பட்டியலில் இல்லாத ஊருக்குக் கிலோமீட்டர் பூஜ்யம்தான் வரும், அந்த நாளின் டி.ஏ.வும் எச்.க்யூ. விகிதத்துக்கு இறங்கிவிடும். மேப் தூரத்தோடு ஏ.எஸ்.எம். கையெழுத்து வாங்கி அனுப்பினால் திருத்துவார்கள். ஆனால் திருத்தம் அன்றைய தேதியிலிருந்துதான் செல்லும், போன மாத பில்லுக்குப் பின்னோக்கிப் போகாது. ஆகையால் பகுதி கைக்கு வந்த முதல் வாரத்திலேயே பட்டியலை ஊர் ஊராகச் சரிபார்த்துவிடுங்கள்.

தூரம் குறைவதற்கு இன்னொரு காரணம், ஒவ்வொரு ஊருக்கும் எச்.க்யூ.விலிருந்து போய்வந்ததாகத் தனித்தனியே போடுவது. மதுரை–விருதுநகர்–மதுரை, மதுரை–சிவகாசி–மதுரை என்று அறிக்கையில் இருக்கும். டி.சி.ஆரிலோ ஒரே நாளில் இரண்டு ஊரும் அடுத்தடுத்து இருக்கும். அப்போது சங்கிலியாக, போன வரிசையில்தான் கணக்கு பார்ப்போம்.

ஏ.எஸ்.எம். ஜாயின்ட் வொர்க்குக்கு வந்து அவர் காரில் இருவரும் போன நாளில் உங்களுக்கு டி.ஏ. உண்டு, கிலோமீட்டர் கிடையாது. அவருடைய அறிக்கையும் எங்களிடம்தான் வருகிறது. அதில் காரும் உங்கள் பெயரும் இருக்கும்.

பெட்ரோல் பில் பற்றி ஒரு வார்த்தை. 4 ரூபாய் என்பது பெட்ரோலுக்கு மட்டும் அல்ல. டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ், வண்டியின் தேய்மானம் எல்லாம் அதற்குள். கிலோமீட்டரும் போட்டு பெட்ரோல் பில்லும் இணைத்தால் ஒரே செலவை இருமுறை கேட்டதாக ஆகும். பில்லை வெறும் ஆதாரமாக வைத்தேன் என்றால், அதை அறிக்கையில் தொகையாகப் போடாதீர்கள். அதே மாதிரி டோல் ரசீது. தேசிய நெடுஞ்சாலை டோலில் இருசக்கர வாகனத்துக்குக் கட்டணம் கிடையாது. பைக் கிலோமீட்டரும் ஃபாஸ்டேக் கழிவும் ஒரே நாளில் இருந்தால், அன்று கார் போயிருக்கிறது என்று அர்த்தம். யாருடைய கார் என்ற கேள்வி அடுத்து வரும். காரில் போக முன் அனுமதி இருந்தால் கார் விகிதத்தையே கேளுங்கள். டோலுக்குச் சான்றாக ஃபாஸ்டேக் வங்கி தரும் ஸ்டேட்மென்ட்டை இணைத்தால் போதும், டோல்கேட் பெயரும் நேரமும் அதிலேயே இருக்கும். ரீசார்ஜ் செய்த மெசேஜ் சான்று ஆகாது. பணம் பர்ஸுக்குள் போனதைத்தான் அது காட்டும், செலவானதை அல்ல.

அறிகுறி: லாட்ஜ் பில் "ஹோல்ட்" என்று நிற்கிறது

வெட்டு வேறு, ஹோல்ட் வேறு. ஹோல்ட் என்றால் தொகை சரி, காகிதம் சரியில்லை. பதற வேண்டாம், ஆனால் சும்மாவும் இருக்க வேண்டாம்.

சிவகாசி லாட்ஜ் பில்லை எடுத்துக்கொள்வோம். அறை வாடகை 1,400, ஜி.எஸ்.டி. 5 சதவீதம் 70, மொத்தம் 1,470. ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு முன்பு 12 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். உச்சவரம்பு 1,500-க்குள் இருக்கிறது. ஆனால் பில் ரெப்பின் சொந்தப் பெயரில், கம்பெனி பெயரும் கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லாமல் இருக்கிறது. அப்படியிருந்தால் கம்பெனி அந்த 70 ரூபாயை வரி வரவாக எடுத்து, தான் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ள முடியாது. ஒரு ரெப்புக்கு 70 ரூபாய் சில்லறை. நூற்றுக்கணக்கான ரெப்புகள், மாதத்தில் பல இரவு என்று பெருக்கினால் நிதிப் பிரிவுக்குச் சில்லறை அல்ல. அதனால்தான் நிறுத்துகிறார்கள்.

சரியான பில் எப்படி இருக்க வேண்டும்? மேலே லாட்ஜின் பெயர், அவர்களுடைய ஜி.எஸ்.டி. எண். "பெறுபவர்" பகுதியில் கம்பெனியின் பெயர், பதிவு முகவரி, 15 இலக்க ஜி.எஸ்.டி. எண். தங்கியவர் பெயராக உங்கள் பெயர். உள்ளே வந்த தேதி, வெளியேறிய தேதி, பில் எண், வாடகை தனியாக, மத்திய வரியும் மாநில வரியும் தனித்தனியாக. ரிசப்ஷனில் சாவி வாங்கும்போதே கம்பெனி எண்ணைக் கொடுத்துவிடுங்கள். காலையில் கிளம்பும் அவசரத்தில் கேட்டால் "சிஸ்டத்துல ஏத்தியாச்சு சார்" என்பார்கள். எண்ணை போனில் ஒரு நோட்டாக வைத்துக்கொண்டு அப்படியே அனுப்புங்கள். வாயால் சொன்னால் ஓ-வும் பூஜ்யமும் இடம் மாறும். ஒரு எழுத்து தப்பானால் வரவு வராது.

பில் ஏற்கனவே தப்பாகப் போட்டாயிற்றென்றால் லாட்ஜுக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள். மாதாமாதம் கணக்கு தாக்கல் செய்யும் லாட்ஜ், அந்த மாத விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் ஏற்றும். அதற்கு முன்பு சொன்னால் பழையதை ரத்து செய்து புதிது போடுவது அவர்களுக்குச் சுலபம். அதற்குப் பிறகு கேட்டால் முனகுவார்கள். நம் ரெப் கேட்டு வாங்கிக் கொடுத்தார், 1,470-ம் ஹோல்டிலிருந்து விடுபட்டது.

இப்போது எல்லை தாண்டும் ரெப்புகளுக்கான விஷயம். ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தின் குறியீடு. தமிழ்நாடு 33, கேரளா 32, கர்நாடகா 29, புதுச்சேரி 34. அறை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தின் வரிதான் பில்லில் விழும். கம்பெனிக்குத் தமிழ்நாட்டுப் பதிவு மட்டும் இருந்தால், தேனிப் பகுதி ரெப் குமுளியில் கேரளப் பக்கம் தங்கிய பில்லிலோ, கடலூர் ரெப் புதுச்சேரியில் தங்கிய பில்லிலோ வரும் வரியை வரவாக எடுக்க வழியே இல்லை. அப்படிப்பட்ட பில்லையும் "ஜி.எஸ்.டி. எண் இல்லை" என்று யாராவது ஹோல்டில் போட்டிருந்தால், பணிவாக இதைச் சுட்டிக்காட்டலாம். கம்பெனிக்கு அந்த மாநிலத்தில் தனிப் பதிவு இருந்தால் கதை வேறு: அங்கே தங்கும்போது அந்த மாநில எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். எண்களை அக்கவுண்ட்ஸில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன ஊர் லாட்ஜ் ஜி.எஸ்.டி. பதிவே இல்லாமல் இருக்கலாம். வருட வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாக அவர்கள் பதிவு செய்யத் தேவையில்லை. அங்கே சாதாரண அச்சிட்ட பில் போதும். அதில் பில் எண்ணும் தேதியும் சீலும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பதிவு எண் இல்லாமல் வரி மட்டும் வசூலித்திருந்தால் அந்தப் பில்லை வாங்காதீர்கள்.

ஆப்பில் புக் செய்தால் வரும் வவுச்சர் பில் அல்ல. அது முன்பதிவுக்கான உறுதி. அறையைக் காலி செய்யும்போது லாட்ஜிலிருந்தோ ஆப்பிலிருந்தோ வரி பில் தனியாக வாங்க வேண்டும்.

உச்சவரம்பில் வரி சேர்த்தியா இல்லையா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1,500 ரூபாய் அறைக்கு வரியோடு 1,575. வரி உட்பட 1,500 என்று பாலிசி சொன்னால் 75 ரூபாய் உங்கள் பையிலிருந்து. இந்த 75-ஐ வெட்டுவது அற்பம் என்பது என் அபிப்பிராயம், ஆனால் வெட்டத்தான் செய்கிறோம். 1,425-க்குள் அறை எடுத்தால் இந்தப் பேச்சே எழாது. அறை பில்லிலேயே சாப்பாடு, துணி சலவை ஏற்றியிருந்தால் சாப்பாடு கட்டாயம் போகும், அதற்குத்தான் டி.ஏ. சலவைக்கு, தொடர்ந்து மூன்று நான்கு இரவு தங்கினால் சில கம்பெனிகள் தருகின்றன.

அறிகுறி: "பில் தெளிவில்லை" என்று திரும்பி வந்தது

மெஷினில் அச்சாகும் பளபளப்பான பில்கள் மை கொண்டு அச்சாவதில்லை. தாளின் மேலுள்ள பூச்சு சூட்டில் கறுத்துத்தான் எழுத்தாகிறது. அதனால் மறுபடி சூடு பட்டால் முழுக்கக் கறுக்கும், வெயில் பட்டால் வெளுக்கும். பைக் டேங்க் பையில் ஒரு மே மாதம் கிடந்த பஸ் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தால் தெரியும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்து அனுப்புகிறவர்களும் உண்டு. அந்தச் சூட்டில் பில் கரித்துண்டு மாதிரி கறுத்து வந்து சேரும். வாங்கிய இடத்திலேயே நான்கு மூலையும் தெரிய ஒரு படம். பில் எண், தேதி, தொகை மூன்றும் படத்தில் படிக்க முடிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். அசலை மாதம் முடிகிற வரையாவது ஒரு காகித உறையில் வையுங்கள், பிளாஸ்டிக் உறையில் வேண்டாம்.

அறிகுறி: "சான்று போதாது"

பஸ், ஆட்டோ, பார்க்கிங் வகையில் இது வரும். அரசு பஸ் கண்டக்டர் மெஷினில் தரும் டிக்கெட்டில் தடமும் நேரமும் கட்டணமும் இருக்கும், அது முழுச் சான்று. ரயில் என்றால் டிக்கெட்டோ புக்கிங் மெயிலோ போதும். எந்த வகுப்பு வரை போகலாம் என்பது உங்கள் பதவியைப் பொறுத்தது. அனுமதி ஸ்லீப்பர் என்றிருக்க ஏ.சி.யில் போனால் ஸ்லீப்பர் கட்டணம் மட்டும் வரும், மீதியைத் தரமாட்டார்கள். ரத்து செய்த டிக்கெட்டுக்கு, திரும்பி வந்தது போகப் பிடித்தம் ஆன தொகை மட்டும். அதுவும் டூரை மாற்றியது கம்பெனி என்று ஏ.எஸ்.எம். மெயில் இருந்தால்.

ஆட்டோவுக்குப் பில் கிடைக்காது, அது எங்களுக்கும் தெரியும். அதற்காகத்தான் பாலிசியில் சுய உறுதிமொழி வவுச்சர் என்று ஒன்றும், அதற்கு ஒரு நாள் வரம்பும் இருக்கிறது. பலர் யு.பி.ஐ. ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் இணைத்துவிட்டு பில் கொடுத்துவிட்டதாக நினைக்கிறார்கள். ஸ்கிரீன்ஷாட்டில் யாருக்கோ 180 ரூபாய் போனது தெரியும். எதற்கு என்று தெரியாது. அதோடு "பஸ் ஸ்டாண்ட் முதல் அரசு ஆஸ்பத்திரி வரை, சாம்பிள் பெட்டியுடன்" என்று வவுச்சரில் ஒரு வரி எழுதினால் இரண்டும் சேர்ந்து சான்றாகிவிடும். மீட்டிங் ஹால் வாடகை போன்ற பெரிய தொகையை ரொக்கமாகக் கொடுத்தால் இன்னும் கவனம் வேண்டும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வருமான வரிக் கணக்கில் கம்பெனி கழிக்க முடியாது. ஆகவே அந்தப் பில் அனேகமாக நிற்கும். 5,000-க்கு மேல் கையால் எழுதிய ரசீது என்றால் ஒரு ரூபாய் ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

அறிகுறி: டாக்டரோடு சாப்பிட்ட பில் முழுசாகத் தள்ளுபடி

விற்பனை வேலையில் மற்ற துறைக்காரர்கள் வாடிக்கையாளரை ஓட்டலுக்குக் கூட்டிப்போய் பில் போடுகிறார்கள், நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்பார்கள். சிமென்ட் விற்பவருக்கு டீலர் வாடிக்கையாளர். நமக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவர் மருந்து எழுதும் டாக்டர். மருந்து கம்பெனிகள் டாக்டருக்கோ அவர் குடும்பத்துக்கோ பரிசு, பயண டிக்கெட், ஓட்டல் விருந்தோம்பல் தரக்கூடாது என்று மத்திய மருந்துத் துறை 2024 மார்ச்சில் வெளியிட்ட நடத்தை விதி சொல்கிறது. கருத்தரங்கில் பேச வருபவருக்குப் பயணமும் தங்கலும் தருவது போன்ற சில விலக்குகள் உண்டு, அவையும் தலைமை அலுவலகம் வழியாக, தனிக் கணக்கில். இப்படிக் கொடுக்கும் இலவசங்களை வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது.

அதனால் இந்த பில் வரம்பைத் தாண்டியதால் தள்ளுபடி ஆகவில்லை. தகுதியான செலவின் பட்டியலிலேயே அது இல்லை. ஏ.எஸ்.எம். வாயால் "போட்டுக்கலாம்ப்பா" என்று சொல்லியிருந்தாலும் அவரால் ஒப்புதல் தர முடியாது. இதைச் சொந்தச் சாப்பாடாகவோ லாட்ஜ் வாடகையோடு சேர்த்தோ மறைத்துப் போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தள்ளுபடியான பில் சில நூறு ரூபாய் நஷ்டம். மாற்றி எழுதிய பில் ஒழுங்கு நடவடிக்கை.

அறிகுறி: "காலம் கடந்தது"

மாதச் செலவை அடுத்த மாதம் இத்தனாம் தேதிக்குள் ஏற்ற வேண்டும் என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒரு தேதி வைத்திருக்கும். தாண்டினால் அடுத்த சுற்றில் வரும். அறுபது, தொண்ணூறு நாள் என்று பாலிசி வைத்த கெடுவையும் தாண்டினால் ரத்து. மார்ச் மாத பில்லில் மட்டும் தளர்வை எதிர்பார்க்காதீர்கள். 31-ஆம் தேதியோடு நிதியாண்டின் கணக்கு முடிகிறது. ஒரு பில் மட்டும் வந்து சேரவில்லை என்பதற்காக மாத அறிக்கை முழுவதையும் பிடித்து வைக்காமல், அந்த ஒன்றை "பில் பின்னர்" என்று குறித்துவிட்டு மற்றதை ஏற்றிவிடுங்கள்.

அறிகுறி: சம்பளத்தில் ஏதோ பிடித்திருக்கிறார்கள்

டூர் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் முதலில் அதைப் பாருங்கள். நம் ரெப் 5,000 அட்வான்ஸ் வாங்கியிருந்தார் என்று வைப்போம். கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகு அவருக்கு ஒப்புதலானது: டி.ஏ. 1,550, பைக் 780, லாட்ஜ் 1,470, சொந்தத் தங்கல் 300, ஆக 4,100. அட்வான்ஸில் 900 மிச்சம். அவர் திருப்பிக் கட்டவில்லை என்றால் அது சம்பளத்தில் கழியும். பில் ஹோல்டில் இருந்த மாதத்திலேயே கழித்திருந்தால் 900-க்குப் பதிலாக 2,920 போயிருக்கும். அப்படி நடந்தால் ஹோல்ட் விடுபட்டதும் மீதி 2,020 தானாக வந்து சேர்கிறதா என்று அடுத்த ஸ்லிப்பில் சரிபாருங்கள். தானாக வராத மாதங்கள் உண்டு. அப்போது பழைய ஹோல்டின் எண்ணைக் குறிப்பிட்டு மெயில் போட வேண்டும்.

பிடித்தது வரி என்றால் காரணம் வேறு. வேலைக்காக டூர் போன செலவை ஈடுகட்டத் தரும் படி, அந்த வேலைக்கு உண்மையில் செலவான அளவுக்கு வருமான வரியில் சேராது. புதிய வரி முறையிலும் இந்த விலக்கு இருக்கிறது. ஆனால் மாதம் இவ்வளவு என்று சம்பளத்தோடு நிலையாக, டூர் போனாலும் போகாவிட்டாலும் ஒரு "பயணப் படி" வருகிறதென்றால் அதைச் சம்பளமாகவே பார்ப்பார்கள். உங்கள் ஸ்லிப்பில் அந்தப் படி எந்தப் பெயரில் இருக்கிறது, செலவு அறிக்கையோடு இணைந்து மாறுகிறதா, மாதாமாதம் ஒரே எண்ணாக நிற்கிறதா என்று பாருங்கள். ஒரே எண்ணாக நின்றால் கேள்வியை எங்களிடம் கொண்டுவராதீர்கள், சம்பளப் பட்டியல் போடும் எச்.ஆர். மேஜைக்குக் கொண்டுபோங்கள்.